பரிந்துரை வேண்டி எழுதும் மின்னஞ்சல்

பட்டம் பெற்று நான்கைந்து ஆண்டுகள் கழிந்த பின்னர் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க முனையும் ஒருவர், படிவத்தின் கடைசிப் பகுதியில் ஓர் இடத்தில் தயங்கி நின்றுவிடுகிறார். தம் கல்வித் திறனை நேரில் அறிந்த இருவரின் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் எழுதும்படி அங்கே கேட்கப்பட்டிருக்கும். முன்னாட் பேராசிரியரின் நினைவு அப்பொழுதுதான் வருகிறது. இத்தனை ஆண்டுகளாக ஒரு வரியும் எழுதாதிருந்துவிட்டு இப்பொழுது உதவி கேட்பதெப்படி என்ற கூச்சமும் உடன் வருகிறது. கூச்சத்தோடு எழுதப்படும் மின்னஞ்சல் பெரும்பாலும் இப்படி அமைகிறது: “சேர், என்னை நினைவிருக்கும் என்று நம்புகிறேன். வெளிநாட்டுப் படிப்பு ஒன்றுக்கு உங்கள் சிபாரிசுக் கடிதம் தேவை. கொஞ்சம் அவசரம். தயவுசெய்து உதவுங்கள்.”

இதிலே பணிவு உண்டு. ஆயினும் இதைப் பெற்ற பேராசிரியர் செய்யக்கூடியது யாது? எழுதியவர் எந்த ஆண்டு மாணவர், எந்தப் பாடம் பயின்றவர், எந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறார், ‘அவசரம்’ என்பது எத்தனை நாள் என்ற கேள்விகளுள் ஒன்றுக்கேனும் இதில் விடையில்லை. அவற்றைக் கேட்டு அவர் பதில் எழுதவேண்டும். அதற்கு மறுமொழி வரவேண்டும். அதன் பின்னர் பழைய புள்ளிப் பதிவேடுகளைத் தேடவேண்டும். விடைத்தாள்களுக்கும் கூட்டங்களுக்கும் நடுவே இருக்கும் ஒருவர் இதனை நாளைக்கு என ஒதுக்கிவைப்பது இயல்பே. ‘நாளை’ பத்து நாளாகிறது. பேராசிரியர் மறுத்தாரல்லர், ஆனால் இணங்குவதற்கு வேண்டிய உழைப்பு முழுவதும் அவர் தலையிலேயே வைக்கப்பட்டுவிட்டது.

இங்கே ஒரு பழைய வழக்கத்தையும் குறிப்பிடுதல் தகும். இலங்கைப் பாடசாலைகளில் மாணவர் விலகிச் செல்லும்போது அதிபர் நற்சான்றிதழ் ஒன்றைக் கையிற் கொடுப்பார். ‘நல்லொழுக்கமுள்ளவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்’ என்று முடியும் அக்கடிதத்தை மாணவர் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்தி, போகுமிடமெல்லாம் காட்டுவர். பல்கலைக்கழகம் கேட்கும் பரிந்துரை அவ்வகையினதன்று. அது குறித்த ஒரு படிப்பை நோக்கி எழுதப்படுவது; விண்ணப்பதாரரின் கையிற் படாமல் நேரே பல்கலைக்கழகத்துக்குச் செல்வது. ஐக்கிய அமெரிக்காவிலே 1974 ஆம் ஆண்டுச் சட்டமொன்று மாணவருக்குத் தம் கல்விப் பதிவேடுகளைப் பார்க்கும் உரிமையை அளித்தது. ஆதலின், பரிந்துரைக் கடிதத்தைப் பொறுத்தவரை அவ்வுரிமையை விட்டுக்கொடுக்கிறீரா என்று அந்நாட்டு விண்ணப்பப் படிவங்கள் கேட்கின்றன. பிரித்தானியாவின் 2018 ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இரகசியமாக வழங்கப்படும் பரிந்துரையை விண்ணப்பதாரருக்குக் காட்டவேண்டிய கடப்பாட்டிலிருந்து விலக்களித்துள்ளது. கடிதம் எழுதுபவர் மனந்திறந்து எழுதவேண்டும் என்பதே இவற்றின் நோக்கம். மனந்திறந்து எழுதுவதற்கோ நிகழ்ச்சிகள் வேண்டும். ‘கெட்டிக்கார மாணவி’ என்ற பொதுச் சொல்லால் தேர்வுக் குழுவுக்கு ஆவது ஒன்றுமில்லை.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகப் பார்க்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே புவியியலைச் சிறப்புப் பாடமாகக் கற்று, 2021 ஆம் ஆண்டில் இறுதித் தேர்வெழுதிய மாணவி ஒருவர் இருக்கிறார் எனக் கொள்க. வவுனியா மாவட்டத்துச் சிறு குளங்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியவர். இப்பொழுது அம்மாவட்டத்துப் பாடசாலையொன்றில் பட்டதாரி ஆசிரியை. நீர்வள முகாமைத்துவத்தில் முதுமாணிப் பட்டம் பெற விரும்பி, இங்கிலாந்திலுள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறார். முடிவுத் திகதி ஜனவரி 15. பாடசாலையிலிருந்து கற்கை விடுமுறை பெறுவதற்கான ஒழுங்குகளும் இந்த ஆண்டுக்கே பொருந்தி வந்துள்ளன. தவறினால் இன்னோர் ஆண்டு காத்திருக்க நேரும். பரிந்துரை வந்து சேராத விண்ணப்பத்தை அப்பல்கலைக்கழகம் நிறைவுறாத விண்ணப்பமாகவே கருதும். அவர் தம் ஆய்வை மேற்பார்வை செய்த பேராசிரியருக்கு டிசெம்பர் 5 ஆம் திகதி எழுதுகிறார். மின்னஞ்சலின் தலைப்பு: ‘பரிந்துரை வேண்டுதல் — நீர்வள முதுமாணி — முடிவுத் திகதி ஜனவரி 15 — புவியியற் சிறப்பு, 2021 அணி.’ இனி உள்ளுறை:

“மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் 2021 ஆம் ஆண்டில் புவியியற் சிறப்புப் பட்டத் தேர்வெழுதியவள். வவுனியாக் குளத்தொடர் பற்றிய என் ஆய்வுக் கட்டுரையைத் தாங்கள் மேற்பார்வை செய்தீர்கள். இங்கிலாந்திலே நீர்வள முகாமைத்துவ முதுமாணிப் படிப்பொன்றுக்கு விண்ணப்பிக்கிறேன். அதற்கு ஜனவரி 15 ஆம் திகதிக்கு முன் தங்கள் பரிந்துரை தேவைப்படுகிறது. என் வேலையை நன்கறிந்தவர் என்ற நிலையில், எனக்குச் சார்பாக உறுதியுடன் எழுதத் தங்களால் இயலுமா? வேலைப் பளுவினாலோ வேறு காரணத்தாலோ இயலாதெனின் ஒரு வரியில் அறிவித்தாற் போதும். வேறொருவரைக் கேட்க எனக்குக் காலம் இருக்கிறது.

பல்கலைக்கழகப் பதிவேட்டில் என் பெயர் தந்தையாரின் பெயரோடு உள்ளது. திருமணத்தின் பின் கணவரின் பெயரோடு எழுதி வருகிறேன். கடவுச்சீட்டிலும் விண்ணப்பத்திலும் அதுவே உள்ளது. இரண்டு பெயர்களையும் பதிவிலக்கத்தையும் கீழே தந்துள்ளேன்.

தங்களிடம் இரண்டாம் ஆண்டில் நீரியலும், நான்காம் ஆண்டில் ஆய்வு முறையியலும் கற்றேன். முதலாவதில் ‘ஏ’, இரண்டாவதில் ‘பி பிளஸ்’ பெற்றேன். எங்கள் சிறப்பு வகுப்பில் இருபத்து மூவர் இருந்தோம். ஆய்வுக்காக மூன்று குளங்களின் நீர்ப்பரப்பை அளந்து, நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 படத்தோடு ஒப்பிட்டேன். நாற்பத்தொரு கமக்காரரைச் சந்தித்தேன். முதல் வரைவைப் பார்த்தபோது, வவுனியா நிலையம் ஒன்றின் மழைவீழ்ச்சிப் பதிவை மட்டும் கொண்டு முடிவு கூறலாகாது என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள். அயல் நிலையங்களின் பதிவுகளையும் சேர்த்து மூன்றாம் அத்தியாயத்தை முற்றாக மாற்றி எழுதினேன். தூர்ந்துபோனமையே குளங்கள் வற்றுவதற்கு முதற் காரணம் என்ற என் முந்திய முடிவை அதனால் கைவிட நேர்ந்தது.

இப்படிப்பின் விளக்கக் குறிப்பில், களஆய்வு அனுபவமும் எண்தரவுகளைக் கையாளும் பழக்கமும் எதிர்பார்க்கப்படுகின்றன. இயலுமாயின் அவ்விரண்டையும் பற்றித் தாங்கள் கண்டவற்றை எழுதினால் பொருத்தமாகும். என் தற்குறிப்பு, பெறுபேற்றுப் பட்டியல், ஆய்வுச் சுருக்கம், விண்ணப்பத்துக்காக எழுதிய நோக்கக் கூற்று ஆகிய நான்கையும் இணைத்துள்ளேன். பாடங்களின் பெயர்களையும் ஆய்வுத் தலைப்பையும் பெறுபேற்றுப் பட்டியலில் உள்ளவாறே ஆங்கிலத்திலும் கீழே எழுதியுள்ளேன்.

தாங்கள் இணங்கினால், எந்த மின்னஞ்சல் முகவரியைப் படிவத்தில் இடலாம் என்று அறிவிக்க வேண்டுகிறேன். அதன்பின் அப்பல்கலைக்கழகத்திலிருந்து இணைப்பு ஒன்று தங்களுக்கு நேரே வரும். என் தொலைபேசி இலக்கம் கீழே உள்ளது. நன்றி.”

இம்மின்னஞ்சல் ஒரு பக்கத்துக்கு மேற்படவில்லை. ஆயினும் இதனைப் பெற்றவர் எதையும் தேடவேண்டியதில்லை. இதன் உறுப்புக்கள் சிலவற்றைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும்.

முதற் பந்தியிலேயே கேள்வி கேட்கப்பட்டுவிட்டது. நலம் விசாரித்து, பழைய நாட்களை நினைவுகூர்ந்து, நான்காம் பந்தியில் விடயத்துக்கு வருவது கடித மரபுக்கு ஒத்ததாயினும், கைத்தொலைபேசியின் சிறு திரையில் முதல் ஐந்து வரிகளை மட்டும் பார்ப்பவருக்கு அது பயன்படாது. கேள்வியின் வடிவமும் கவனிக்கத்தக்கது. ‘கடிதம் தருவீர்களா’ என்று கேட்கவில்லை. ‘சார்பாக உறுதியுடன் எழுத இயலுமா’ என்றே கேட்கப்பட்டுள்ளது. தம் மாணவர் ஒருவரைப் பற்றி இரண்டு நல்ல வாக்கியங்களுக்கு மேல் எழுத இயலாத ஆசிரியர், முகத்துக்கஞ்சி இணங்கி வெறுங் கடிதம் ஒன்றை எழுதி அனுப்பிவிடுவதுண்டு. வகுப்புக்கு ஒழுங்காக வந்தார், தேர்வில் சித்தியடைந்தார் என்று மட்டும் கூறும் கடிதத்தை, சொல்ல வேறொன்றும் இல்லாத கடிதமாகவே தேர்வுக் குழு வாசிக்கும். மறுப்பதற்கு ஒரு வாசலைத் திறந்து வைப்பது ஆசிரியருக்குச் செய்யும் மரியாதை மாத்திரமன்று. விண்ணப்பதாரருக்கும் அது காப்பாகிறது. டிசெம்பர் 8 ஆம் திகதி வரும் ‘இயலாது’ என்ற விடையால் இழப்பொன்றுமில்லை. ஜனவரி 13 இல் வந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

பெயர் பற்றிய பந்தி தமிழ் மாணவருக்குச் சிறப்பாக உரியது. முதலெழுத்தும் தந்தை பெயரும் கொண்டு பதிவாகி, பின்னர் கணவர் பெயரோடு வாழும் பெண்கள் பலர். ஒரே பெயருடைய இருவர் ஒரே வகுப்பில் இருப்பதும் உண்டு. பேராசிரியர் தாம் அறிந்த பழைய பெயரில் கடிதம் எழுத, விண்ணப்பம் புதிய பெயரில் இருக்க, இரண்டும் ஒருவரைப் பற்றியனவா என்ற ஐயம் அலுவலகத்தில் எழும். இரு பெயர்களையும் பதிவிலக்கத்தையும் தந்துவிட்டால் இவ்வில்லங்கம் தோன்றாது.

ஆய்வைப் பற்றிய பந்தியே மின்னஞ்சலின் உயிர். அதிலே மாணவி தம்மைத் தாமே புகழ்ந்துகொள்ளவில்லை என்பதைக் காண்க. ‘விடாமுயற்சி உடையவள்’ என்றோ ‘ஆய்வுத் திறன் மிக்கவள்’ என்றோ எழுதினாரல்லர். மழைவீழ்ச்சிப் பதிவு பற்றி ஆசிரியர் சுட்டிய குறையையும், அதனால் தாம் கைவிட்ட முடிவையும் மட்டும் சொல்லியிருக்கிறார். அதை வாசித்ததும் பேராசிரியருக்கு அந்த வரைவும், ஓரத்தில் தாம் எழுதிய குறிப்பும் நினைவுக்கு வரும். ‘சான்று மாறியபோது தன் முடிவை மாற்றிக்கொள்ளும் நேர்மை இவரிடம் உண்டு’ என்ற வாக்கியத்தை அவர் தாமே எழுதுவார். மாணவர் தருவது நிகழ்ச்சி, மதிப்பீடு ஆசிரியருடையது. இந்த எல்லையைக் கடந்து, புகழ்மொழிகளைத் தாமே கோத்து அனுப்புவோர் தம் காரியத்தைக் கெடுத்துக்கொள்கின்றனர். ‘பி பிளஸ்’ பெற்றதை மறைக்காமல் எழுதியதும் நன்றே. பெறுபேற்றுப் பட்டியல் இணைப்பில் இருக்கிறது. கடிதமும் பட்டியலும் முரண்படுமானால் பழி ஆசிரியரையே சாரும்.

வகுப்பில் எத்தனை பேர் என்ற தொகை எதற்காக என வினவலாம். பரிந்துரைப் படிவங்கள் பலவற்றில், இம்மாணவர் தம் வகுப்பில் மேல் ஐந்து வீதத்தினரா, பத்து வீதத்தினரா, இருபத்தைந்து வீதத்தினரா என்று குறிக்கும் கட்டங்கள் உண்டு. எவ்வளவு காலமாக, எந்த நிலையில் அறிவீர் என்ற கேள்வியும் தவறாது வரும். இருபத்து மூவர் என்ற தொகையும் கற்பித்த ஆண்டுகளும் கையில் இருந்தால் இக்கட்டங்களை நிரப்புவது எளிது. எந்தக் கட்டத்திற் குறிப்பது என்பதைப் பற்றி மாணவர் வாய்திறத்தல் கூடாது.

ஆங்கிலப் பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்மொழி மூலம் கற்றவரின் ஆய்வுத் தலைப்பை ஆங்கிலத்தில் மாற்றும்போது, மாணவர் ஒரு விதமாகவும் பேராசிரியர் வேறொரு விதமாகவும் மொழிபெயர்த்துவிடல் எளிது. ‘குளத்தொடர்’ என்ற ஒரு சொல்லுக்கே இரண்டு மூன்று ஆங்கில வடிவங்கள் கிடைக்கும். பட்டியலில் உள்ள வடிவத்தையே எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாத் தாள்களும் ஒரே குரலிற் பேசும்.

சில பேராசிரியர், ‘நீரே கடிதத்தை எழுதி அனுப்பும், நான் ஒப்பமிடுகிறேன்’ என்று விடை எழுதுவதுண்டு. இது இலங்கைக்கு மட்டும் உரிய வழக்கமன்று. இதற்கு இணங்குவதில் ஆபத்து இருக்கிறது. பரிந்துரையை அளிப்பவரே எழுதவேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் விதிக்கின்றன. அன்றியும் நோக்கக் கூற்றையும் கடிதத்தையும் ஒருவரே எழுதினால் ஒரே சொற்றொடர் இரண்டிலும் தலைகாட்டும். இவற்றைப் பலநூறு வாசித்துப் பழகியவர்க்கு அது புலப்படாமற் போகாது. ‘கடிதம் தங்கள் சொற்களில் அமைவதையே பல்கலைக்கழகம் விரும்புகிறது, எழுதுவதை இலகுவாக்கத் திகதிகளையும் நிகழ்ச்சிகளையும் இன்னும் விரிவாகத் தருகிறேன்’ என்று பதில் அனுப்பி, ஒரு பக்கக் குறிப்பை இணைப்பதே தகுந்த வழி.

நிற்க, இணைப்புக்களை நோக்குவோம். நான்கு கோப்புக்கள் போதும்; சான்றிதழ்கள் பதினைந்தையும் படமெடுத்து அனுப்புதல் உதவியாகாது. கோப்பின் பெயரிலேயே மாணவரின் பெயரும் பொருளும் இருத்தல் வேண்டும். வெறும் எண்களால் ஆன பெயருடைய கோப்பு, பேராசிரியரின் கணினியில் நூறு கோப்புக்களிடையே மறைந்துபோகும். இணையச் சேமிப்பில் வைத்துவிட்டு அதன் முகவரியை மட்டும் அனுப்புவோர், பிறர் திறப்பதற்கான அனுமதியை வழங்க மறந்துவிடுகின்றனர். இரவு பத்து மணிக்குக் கடிதம் எழுத உட்காரும் பேராசிரியர் ‘அனுமதி கோருக’ என்ற அறிவிப்பைக் கண்டு கணினியை மூடிவிடுவார்.

காரியம் பெரிதும் தடைப்படும் இடம் அடுத்தது. இக்காலத்தில் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கடிதத்தைத் தபாலிலோ மாணவர் கையிலோ ஏற்பதில்லை. விண்ணப்பதாரர் படிவத்திலே பரிந்துரைப்பவரின் முகவரியைப் பதிந்ததும், பல்கலைக்கழகத்தின் கணினி அவருக்குத் தானாகவே ஒரு மின்னஞ்சலை அனுப்புகிறது. அதிலுள்ள இணைப்பைத் திறந்தே கடிதத்தைச் சேர்க்கவேண்டும். சம்மதம் வருமுன் முகவரியைப் பதிந்துவிட்டால், முன்பின் அறியாத ஓர் ஆங்கில அறிவித்தல் பேராசிரியரை முதலிற் சென்றடையும். மாணவரின் வேண்டுகோள் பின்னே வரும். அது முறையன்று. இனி, பேராசிரியரின் சொந்த முகவரியைக் கொடுப்பதா, ac.lk என முடியும் பல்கலைக்கழக முகவரியைக் கொடுப்பதா என்பது ஒரு பிரச்சினை. பரிந்துரைப்பவரின் அடையாளத்தை உறுதிசெய்வதற்காக நிறுவன முகவரியையே பல படிவங்கள் கேட்கின்றன. ஓய்வுபெற்ற பேராசிரியரிடம் அம்முகவரி இல்லாதிருக்கலாம். இருந்தும் அதைப் பாராதிருக்கலாம். இதனாலேயே எடுத்துக்காட்டு மின்னஞ்சலின் இறுதியில் முகவரி கேட்கப்பட்டது.

முகவரியைப் பதிந்த அன்றே, ‘இன்று தங்களுக்கு இணைப்பு அனுப்பப்பட்டுள்ளது, அனுப்புநர் பெயர் இவ்வாறு இருக்கும், வராவிடின் வேண்டாத அஞ்சற் பகுதியிலும் பார்த்தருளவும்’ என்று இரண்டு வரி எழுதிவிடல் வேண்டும். அறியாத அனுப்புநரிடமிருந்து வரும் இணைப்பைத் திறக்கலாகாது என்று எல்லோருக்கும் அறிவுறுத்தப்படும் காலம் இது. முன்னறிவிப்பு இல்லையேல் எச்சரிக்கையுள்ள பேராசிரியர் அதனை அழித்துவிடுவார், அவர்மேற் பிழையில்லை.

முடிவு நேரத்தையும் கணக்கிட்டுச் சொல்லுதல் நன்று. இங்கிலாந்தில் ஜனவரி 15 இரவு 11.59 என்றால், இலங்கையில் அது 16 ஆம் திகதி அதிகாலை 5.29. இந்த ஐந்தரை மணி நேரத்தை நம்பியிருப்பது புத்தியன்று. பேராசிரியருக்கு ஜனவரி 12 ஐ முடிவு நாளாகச் சொல்லலாமா எனின், பொய்த் திகதி சொல்வதைவிட, ‘முடிவுத் திகதி 15, 12 ஆம் திகதிக்குள் சேர்த்துவிட்டால் தடங்கல் நேர்ந்தாலும் சரிசெய்யலாம்’ என்று உள்ளதை உள்ளபடி சொல்வதே மேல். இணங்கி எழுதிய ஒருவரைத் திகதியில் ஏமாற்றுவது அழகன்று.

டிசெம்பர் 5 இலிருந்து ஜனவரி 15 வரை நாற்பத்தொரு நாள். நத்தார் விடுமுறையும் புத்தாண்டும் இடையே கழியும். ஆகவே உண்மையில் கிடைப்பது ஒரு மாதமே. மூன்று வாரத்துக்குக் குறைந்த காலத்தில் கேட்பதாயின், காலம் குறுகியதை முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டு, மறுப்பதற்குப் பேராசிரியருக்கு முழு உரிமை உண்டு என்பதையும் சேர்த்தெழுதுக.

ஜனவரி 7 அளவில் ஒரு நினைவூட்டல் தகும். அதற்கு முன்னர் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து பார்த்தல் வேண்டும். கடிதம் பெறப்பட்டதா என்பது பொதுவாக அங்கேயே காட்டப்பட்டிருக்கும். ஏற்கனவே அனுப்பியவரிடம் ‘அனுப்பினீர்களா’ என்று கேட்பதைப் போன்ற சங்கடம் வேறில்லை. நினைவூட்டலைப் புதிதாக எழுதாமல் பழைய மின்னஞ்சலுக்கே மறுமொழியாக அனுப்பினால், விபரங்கள் யாவும் அதன் அடியில் தொடர்ந்து வரும். இணைப்புக்களைத் தேடும் வேலை மறுபடியும் அவருக்கு ஏற்படாது. இரண்டு வாக்கியங்கள் போதும்.

கடிதம் சேர்ந்தது தெரிந்தவுடன் நன்றி எழுதுவோர் பலர். முடிவு வந்தபின் அதை அறிவிப்போர் சிலரே. இடம் கிடைக்காவிட்டால் அறிவிக்க வெட்கப்படுகின்றனர். ஆயினும் வவுனியா ஆசிரியைக்கு அவ்வாண்டில் இடம் கிடையாமற்போய், அடுத்த ஆண்டில் வேறொரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க நேரலாம். பேராசிரியரின் கணினியிலே கடிதம் இருக்கிறது. பழைய மின்னஞ்சலிலே விபரங்கள் இருக்கின்றன. முடிவை அறிவித்திருந்தால், இம்முறை புதிய படிப்பின் பெயர், முடிவுத் திகதி, கடந்த ஓராண்டில் செய்த வேலை ஆகிய மூன்றை மட்டும் எழுதினாற் போதும்.